அறையைக் காலி செய்யும் நாளில் எழுதும் கடிதம்

விடுதி அறையில் மூன்று ஆண்டுகள் ஒன்றாக இருந்த இருவரில் ஒருவர், பிரியும் நாளில் மற்றவருக்கு எழுதிக் கொடுக்கும் கடிதம் பெரும்பாலும் ஒரு பக்கத்தைத் தாண்டுவதில்லை. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் அதற்கான காலம் ஏப்ரல், மே மாதங்கள். கடைசி செமஸ்டர் தேர்வு முடிந்த கையோடு நோ டியூஸ் படிவத்தில் நூலகம், ஆய்வகம், மெஸ் என்று ஒவ்வோர் இடமாகக் கையெழுத்து வாங்கியாக வேண்டும். மெஸ் பாக்கியைக் கட்டி, கட்டிலையும் மேசையையும் வார்டனிடம் காட்டி, சாவியை ஒப்படைத்தால்தான் காப்புத்தொகை திரும்பக் கிடைக்கும். அதற்குள் ஊரிலிருந்து வந்த வண்டி வாசலில் நின்றுகொண்டிருக்கும். நிதானமாக உட்கார்ந்து பேச அந்த நாளில் இடமே இருக்காது.

இருவரும் ஒரே நாளில் கிளம்புவதும் அரிது. ஒருவருக்குத் தாவரவியல், இன்னொருவருக்கு வணிகவியல் என்றால் தேர்வு அட்டவணை வேறுபடும். ஒருவருக்கு அரியர் தாள் இருந்தால் அவர் இன்னும் பத்து நாள் தங்குவார். பேருந்து நிலையம்வரை வழியனுப்ப வரவேண்டியவர் அந்த நேரம் தேர்வு மண்டபத்தில் இருப்பார். இப்படி நேரில் சொல்ல முடியாமல் போவதைச் சொல்லத்தான் பெரும்பாலான கடிதங்கள் எழுதப்படுகின்றன. ஆகவே தேர்வுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாமல், கடைசித் தாளுக்கு இரண்டு மூன்று நாள் முன்பே எழுதி வைத்துவிடுவது நல்லது. சாவி கொடுக்கும் நாளில் எழுத உட்காருபவர்கள் நான்கு வரியோடு எழுந்துவிடுகிறார்கள்.

பிரியும் மாணவர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக் கொடுக்கும் பழக்கம் பழையது. 16ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் விட்டன்பெர்க் பல்கலைக்கழக மாணவர்கள் சிறு ஏடுகளை வைத்துக்கொண்டு, ஆசிரியர்களிடமும் உடன் படித்தவர்களிடமும் கையெழுத்தும் சில வரிகளும் வாங்கிச் சேர்த்தார்கள். அந்த ஏடுகள் பல இன்றும் ஐரோப்பிய நூலகங்களில் இருக்கின்றன. நம் பள்ளி, கல்லூரிகளில் வண்ணத் தாள்களோடு சுற்றிய ஆட்டோகிராஃப் புத்தகமும், பின்னர் வந்த ஸ்லாம் புக்கும் அதே வகையைச் சேர்ந்தவை. ஸ்லாம் புக்கில் கேள்விகள் அச்சிட்டே இருக்கும்: பிடித்த நிறம், பிடித்த நடிகர், என்னைப் பற்றி ஒரு வார்த்தை. கேள்வி ஒன்றாக இருப்பதால் அறுபது பேரின் பதிலும் ஒரே சாயலில் வந்துவிடும். அறைத்தோழிக்கு எழுதும் கடிதம் இதிலிருந்து விலகுவது, எழுதுபவருக்குத் தெரிந்த விஷயங்களின் தன்மையால்.

அறையில் உடன் இருப்பவர் அப்படி என்ன பார்க்கிறார் என்பதற்கு ஓர் ஆய்வு உண்டு. கனடாவைச் சேர்ந்த உளவியலாளர்கள் தாரா மக்டொனால்ட், மைக்கேல் ராஸ் இருவரும் 1999இல் வெளியிட்டது. காதலித்துக்கொண்டிருந்த கல்லூரி மாணவர்களிடமும், அவர்களுடைய பெற்றோரிடமும், அறைத்தோழர்களிடமும் இந்தக் காதல் எவ்வளவு காலம் நீடிக்கும் என்று தனித்தனியாகக் கேட்டார்கள். பின்னர் உண்மையில் நடந்ததோடு ஒப்பிட்டபோது, காதலித்தவர்களைவிடப் பெற்றோரும் அறைத்தோழர்களும் சரியாகக் கணித்திருந்தார்கள். காதலிப்பவர் உறவின் நல்ல பக்கத்தையே எண்ணிக்கொண்டிருக்க, வெளியிலிருந்து பார்த்தவர்கள் அதன் சிக்கல்களையும் கணக்கில் எடுத்தார்கள். பெற்றோருக்கு அந்தக் கண் வாய்க்க இருபது ஆண்டுகள் ஆகியிருக்கும். அறையில் இருப்பவருக்கு அது ஓரிரு ஆண்டிலேயே வந்துவிடுகிறது. தொலைபேசியில் பேசி முடித்த பிறகு முகம் எப்படி மாறுகிறது, தேர்வு முடிவு வரும் முன் யார் சாப்பிடாமல் படுக்கிறார், வீட்டிலிருந்து பணம் வரத் தாமதமானால் யார் மெஸ் டீயையே இரவு உணவாக்கிக்கொள்கிறார் என்பதெல்லாம் வகுப்புத் தோழர்களுக்குத் தெரியாது. அவர் எழுதும் கடிதத்துக்குச் சரக்கு இதுதான்.

ஆனாலும் பலர் எழுதாமலே கிளம்பிவிடுகிறார்கள். என்ன எழுதுவது, அசடு வழியுமே, அவளுக்குத் தெரியாதா என்ன என்ற தயக்கம்தான் காரணம். அமெரிக்காவில் அமித் குமாரும் நிக்கோலஸ் எப்லியும் 2018இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் தயக்கத்தை நேரடியாகச் சோதித்தது. தாங்கள் நன்றிக்கடன் பட்டவர்களுக்குக் கடிதம் எழுதச் சொல்லி, பெறுபவர் அதை எப்படி எடுத்துக்கொள்வார் என்று எழுதியவர்களையே ஊகிக்கச் சொன்னார்கள். பிறகு பெற்றவர்களைக் கேட்டார்கள். எழுதியவர்கள் நினைத்ததைவிடப் பெற்றவர்களுக்கு மகிழ்ச்சி அதிகம், சங்கடம் குறைவு. காரணமும் ஓரளவு தெரிந்தது. எழுதுபவருக்குச் சொற்கள் சரியாக அமைந்தனவா என்ற கவலை. படிப்பவர் அதைப் பெரிதாகப் பார்ப்பதில்லை, கடிதத்தில் உள்ள அன்பைத்தான் பார்க்கிறார். பெற்றவர்கள் வியந்ததும் எழுதியவர்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம். ‘அவளுக்குத் தெரியாதா’ என்ற ஊகம் பெரும்பாலும் தவறு என்று இதிலிருந்து கொள்ளலாம்.

எழுத உட்கார்ந்ததும் முதலில் வருவது எல்லாருக்கும் பொதுவான வரிகள். இதை ஒரு கற்பனை உதாரணத்தை வைத்துப் பார்க்கலாம். மதுரையில் ஒரு மகளிர் கல்லூரி விடுதி. தருமபுரிக்காரி ஒருத்தியும் தூத்துக்குடிக்காரி ஒருத்தியும் மூன்று ஆண்டுகள் ஒரே அறை. தருமபுரிப் பெண் பி.எட். படிக்கச் சேலம் போகிறாள், தூத்துக்குடிப் பெண் எம்.எஸ்சி. படிக்கச் சென்னை போகிறாள். தருமபுரிப் பெண் எழுதிய முதல் வடிவம் இது:

‘என் உயிர்த் தோழிக்கு, இந்த மூன்று ஆண்டுகள் என் வாழ்வின் பொற்காலம். நாம் சேர்ந்து சிரித்த நாட்கள், அழுத நாட்கள் எதையும் மறக்க மாட்டேன். நீ எனக்குக் கிடைத்த வரம். எங்கிருந்தாலும் சந்தோஷமாக இரு. நம் நட்பு என்றும் தொடரும்.’

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் இதே கடிதத்தைப் பெயர் மாற்றிப் பக்கத்து அறைக்காரிக்குக் கொடுத்தாலும் பொருந்தும். கடிதம் தேறுமா என்று பார்க்க இந்தச் சோதனை ஒன்றே போதும். பொருந்தும் வரிகளையெல்லாம் அடித்துவிட்டு, எது மிஞ்சுகிறது என்று பார்க்க வேண்டும். மேலே உள்ள கடிதத்தில் எதுவுமே மிஞ்சாது. அப்போது எழுதுபவர் தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டியது: அவள் எனக்காகச் செய்ததில், நான் ஒருமுறைகூட வாய்விட்டுச் சொல்லாதது எது? அந்த ஒன்று கிடைத்துவிட்டால் கடிதத்தின் பாதி முடிந்த மாதிரி. இரண்டாம் வடிவம் இப்படி வருகிறது:

‘ஏய், ரெண்டாம் வருஷம் எனக்கு டெங்கு வந்தப்போ நீ இன்டர்னல் எழுதப் போகல. மறுபடி வைப்பாங்கன்னு சொன்ன. வைக்கவே இல்ல, உனக்கு அதுல சைபர்னு ஆறு மாசம் கழிச்சு வேற ஆள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்பவே உன்கிட்ட கேட்டிருக்கணும். கேட்டா நீ பேச்சை மாத்திடுவேன்னு விட்டுட்டேன். எங்க அம்மா வந்து சேர்ற வரைக்கும் ரெண்டு நாள் கஞ்சி டப்பாவை வச்சுக்கிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவுல உக்காந்திருந்த. எங்க அம்மா இன்னிக்கும் போன்ல முதல்ல உன்னைத்தான்டி விசாரிக்கிறாங்க.

அந்த அலாரம் சண்டையில தப்பு என்னோடது. ஒருதடவை முழிச்சா உனக்குத் திரும்பத் தூக்கம் வராதுன்னு தெரிஞ்சும் அஞ்சு மணிக்கு வச்சுட்டு, அடிக்க அடிக்க அமத்திட்டுத் தூங்கினேன். ரெண்டு வாரம் பேசாம இருந்ததும் நான்தான். நீ மறுநாளே எனக்கும் சேர்த்து டீ வாங்கி வச்சிருந்த, அதை நான் குடிக்காம ஆற விட்டேன்.

ஜூலை முதல் ஞாயித்துக்கிழமை ராத்திரி ஒம்பது மணிக்கு நான் கூப்பிடுவேன். எங்க வீட்டு அட்ரஸ் பின்பக்கம் இருக்கு.’

இதில் உயர்வான சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் வேறு யாருக்கும் கொடுக்க முடியாது. முதல் பத்தியில் நன்றி என்ற சொல்லே வரவில்லை, நடந்தது மட்டும் சொல்லப்படுகிறது. தூத்துக்குடிப் பெண்ணுக்கு அதில் ஒரு புதுச் செய்தியும் கிடைக்கிறது: தான் மறைத்த சைபர் அறைத்தோழிக்குத் தெரிந்திருந்தது. இது போன்ற ஒரு வரிதான் கடிதத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்க வைக்கும். பேச்சு நடையில் எழுதியதும் சரியே. மூன்று வருடம் ‘டி’ போட்டுப் பேசியவளுக்குத் திடீரென்று செந்தமிழில் எழுதினால், யாரோ எழுதிக் கொடுத்ததைப் பார்த்து எழுதியதுபோல் இருக்கும்.

இரண்டாம் பத்தி, மன்னிப்பு, கொஞ்சம் கவனமாகக் கையாள வேண்டியது. ‘ஏதாவது தப்பு செஞ்சிருந்தா மன்னிச்சுக்கோ’ என்று எழுதுவது வழக்கம். அது எந்தத் தவறையும் ஒப்புக்கொள்ளாத வரி, படிப்பவருக்கும் அது தெரியும். அலாரம், ஆறிப்போன டீ என்று பெயர் சொல்லி எழுதினால்தான் மன்னிப்பு மன்னிப்பாகிறது. ‘நீயும் விளக்கை அணைக்காமல் படிப்பாயே’ என்று ஒரு வரி சேர்ந்தால் சண்டை மறுபடி ஆரம்பித்துவிடும், அதுவும் பதில் சொல்ல ஆள் இல்லாத நேரத்தில். தன் பங்கை மட்டும் சொல்லி நிறுத்துவதே முறை. சண்டை பெரிதாக இருந்து இன்னும் ஆறவில்லை என்றால் கடிதத்தில் அதைத் தொடாமல் இருப்பதும் தவறில்லை. நேரில் பேச வேண்டியதைக் காகிதத்தில் வைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டால், படித்தவர் தனியாக அதோடு உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கும்.

கடன் பாக்கிக்கும் கடிதத்தில் இடம் வேண்டாம். தேர்வுக் கட்டணத்துக்கு வாங்கிய ஆயிரத்து ஐந்நூறோ, இரவல் வாங்கிய கால்குலேட்டரோ இருந்தால் முதல் நாளே தீர்த்துவிட வேண்டும். ‘உனக்குத் தர வேண்டிய பணம் அடுத்த மாதம்’ என்று ஒரு வரி வந்துவிட்டால் மற்ற வரிகளெல்லாம் அதற்கு முன்னுரைபோல ஆகிவிடும். அதுபோலவே அறிவுரை. எடை குறை, அவனை நம்பாதே, கோபத்தைக் கட்டுப்படுத்து என்பதெல்லாம் அறையில் சொன்னால் அக்கறை, கடைசிக் கடிதத்தில் எழுதினால் மதிப்பெண் பட்டியல்.

ரகசியங்களைப் பற்றியும் யோசிக்க வேண்டும். சாமான் ஏற்ற வருவது அப்பாவும் சித்தப்பாவும். வீட்டில் பெட்டியைத் திறந்து துணிகளைப் பிரிப்பது பெரும்பாலும் அம்மா. கடிதம் முதலில் அவர்கள் கைக்குப் போக வாய்ப்பு உண்டு. அறைக்குள் இருவர் மட்டும் அறிந்த காதலையோ, வீட்டில் சொல்லாத அரியரையோ அதில் எழுதுவது, எழுதுபவர் அறியாமலே தோழிக்குச் செய்யும் கெடுதல். மேலே உள்ள கடிதத்தில் சைபர் பற்றிய வரிக்கும் இது பொருந்தும். அவள் வீட்டில் அந்த மதிப்பெண் தெரியாது என்றால் அதை நேரில் சொல்லிவிட்டு, கடிதத்தில் ‘எனக்காக நீ விட்டுக்கொடுத்தது எனக்குத் தெரியும்’ என்று மட்டும் எழுதலாம். வரி கொஞ்சம் மங்கும், ஆனால் அவளுக்குப் புரியும்.

கடைசிப் பத்தியில் நாளும் நேரமும் குறிப்பிட்டதற்குக் காரணம் இருக்கிறது. கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் நட்பு உருவாக எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஆராய்ந்தார். அவர் கணக்கில், அறிமுகமானவர் சாதாரண நண்பராக ஏறத்தாழ 50 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் ஒன்றாகச் செலவிட வேண்டியிருக்கிறது. வகுப்பிலோ வேலையிலோ வேறு வழியின்றி ஒன்றாக இருக்கும் நேரத்துக்கு அவ்வளவு பலன் இல்லை. விரும்பிச் சேர்ந்திருக்கும் நேரமே நட்பாகிறது. இரவுச் சாப்பாடு முடிந்து அறையில் தினம் ஒரு மணி நேரம் கதை பேசுபவர்கள் முதல் ஆண்டிலேயே அந்த 200 மணியைத் தாண்டியிருப்பார்கள். அதற்காக அவர்கள் தனியாக முயன்றதில்லை, அறையே அதைச் செய்து கொடுத்தது. அறை போனதும் அந்த ஏற்பாடும் போய்விடுகிறது.

அப்படிப் போன பிறகு என்ன நடக்கிறது என்பதை சாம் ராபர்ட்ஸும் ராபின் டன்பாரும் இங்கிலாந்தில் பார்த்தார்கள். பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரிக்கும் வேலைக்கும் போனவர்களை 18 மாதங்கள் தொடர்ந்து கவனித்தார்கள். உறவினர்களிடம் இருந்த நெருக்கம் பெரிதாகக் குறையவில்லை. நண்பர்களிடம் தொடர்பு குறைந்தபோது நெருக்கமும் குறைந்தது. பெண்களின் நட்பைப் பேச்சு காப்பாற்றியது, ஆண்களின் நட்பைச் சேர்ந்து ஏதாவது செய்வது காப்பாற்றியது. ஆகவே ‘டச்சில் இரு’ என்று எழுதுவதில் பயன் குறைவு. யார், எப்போது கூப்பிடுவது என்று எழுதினால் ஒருவருக்குப் பொறுப்பு வருகிறது. முதல் அழைப்பு இரண்டு மாதத்துக்குள் இருப்பது நல்லது, புது ஊரின் தனிமை அப்போதுதான் உறைக்கத் தொடங்கும். ஆண்கள் விடுதியில் இதே கடிதம் எழுதப்பட்டால், தொலைபேசி அழைப்பைவிட ‘ஆடி அமாவாசைக்கு எங்க ஊருக்கு வா’ என்ற மாதிரி ஓர் ஏற்பாடு அதிகம் வேலை செய்யக்கூடும்.

வீட்டு முகவரியையும் பின்கோடோடு எழுத வேண்டும். கைபேசி எண் மாறும், வாட்ஸ்அப் குழு ஓரிரு ஆண்டில் பேச்சற்றுப் போகும். பெண்களுக்குத் திருமணத்துக்குப் பிறகு ஊரும் எண்ணும் சேர்ந்தே மாறுவது சாதாரணம். பெற்றோர் சொந்த வீட்டில் இருந்தால் அந்த முகவரிதான் நீண்ட காலம் நிற்பது. வாடகை வீடு என்றால் மாமா வீட்டு முகவரியோ தாத்தா ஊர் முகவரியோ சேர்த்து எழுதலாம். தேதியும் அறை எண்ணும் கடிதத்தின் மேலே இருக்கட்டும். எழுதும்போது தேவையற்றதாகத் தோன்றும் அந்த இரண்டையும்தான் பின்னாளில் முதலில் மறந்துபோகிறார்கள்.

காகிதத்திலும் பேனாவிலும் சிறு கவனம் தேவை. பால்பாயிண்ட் மை எண்ணெய் கலந்தது, ஈரம் பட்டால் எளிதில் கரையாது, ஆனால் வெயில் தொடர்ந்து பட்டால் வெளிறும். மைப்பேனாவில் ஊற்றும் சாதாரண மை ஒரு சொட்டுத் தண்ணீரில் பரவிவிடும். அழித்து எழுதும் பேனாக்களை இதற்குத் தொடவே கூடாது. அந்த மை ஏறத்தாழ 60 டிகிரி வெப்பத்தில் நிறமிழந்துவிடும். மே மாத வெயிலில் நிறுத்திய காரின் முகப்பில் வைத்த கடிதம் வெற்றுத்தாளாகிவிடலாம், லேமினேட் செய்தாலும் அதே கதி. எந்தப் பேனாவில் எழுதியதானாலும் லேமினேஷன் வேண்டாம் என்பதே சரி. ஒருமுறை ஒட்டிவிட்டால் காகிதத்தைப் பிரித்தெடுக்க முடியாது. மலிவான பிளாஸ்டிக் உறைகளில் நாளடைவில் எழுத்து உறையில் ஒட்டிக்கொள்ளும். நல்ல வெள்ளைத் தாளில் எழுதி, ஒரே ஒரு மடிப்பாக மடித்து, காகித உறையில் போட்டால் போதும்.

எங்கே வைப்பது என்பதில்தான் அதிகக் கடிதங்கள் தொலைகின்றன. பாடப்புத்தகத்துக்குள் செருகினால் அது ஜூனியருக்கோ பழைய பேப்பர் கடைக்கோ போய்விடும். தலையணை உறைக்குள் வைத்தால் துணியோடு வாளித் தண்ணீருக்குள் போகும். மதிப்பெண் சான்றிதழும் மாற்றுச் சான்றிதழும் இருக்கும் ஃபைலை மட்டும் எந்த வீட்டிலும் தூக்கிப் போடுவதில்லை. தோழி அந்த ஃபைலை எடுத்து வைக்கும்போது அதில் சேர்த்து வைக்கச் சொல்லிக் கையில் கொடுப்பதே பாதுகாப்பு. அவள் தேர்வு மண்டபத்தில் இருந்தால், ஹால் டிக்கெட் வைக்கும் இடத்தில் வைத்துவிட்டு, பேருந்து ஏறியதும் ‘ஃபைலைப் பார்’ என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்பலாம். கைபேசியில் ஒரு படம் எடுத்து எழுதியவரும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அந்தப் படத்தையே கடிதத்துக்குப் பதிலாக அனுப்பிவிடக் கூடாது. நேரில் கொடுக்க முடிந்தால், பக்கத்தில் நின்று படிக்கச் சொல்லாமல் இருப்பது இருவருக்கும் நல்லது. பதில் சொல்லியாக வேண்டும் என்ற நெருக்கடி இல்லாமல் அவள் அதைத் தன் பேருந்தில் படித்துக்கொள்வாள்.